இரவு எட்டரை மணி மீட்டிங்கில் ‘குட் மார்னிங்’ சொல்லலாமா?

கேள்வி: “கோயம்புத்தூரில் இருந்து வேலை பார்க்கிறேன். டீமில் மூன்று பேர் சான் பிரான்சிஸ்கோ, இரண்டு பேர் லண்டன். இரவு எட்டரைக்கு மீட்டிங்கில் சேர்ந்தால் ‘குட் மார்னிங்’ என்கிறார்கள். எனக்கு ஜன்னலுக்கு வெளியே இருட்டு. பதிலுக்கு என்ன சொல்வது? மெசேஜிலும் மெயிலிலும் எப்படி ஆரம்பிப்பது? பேசாமல் எல்லாருக்கும் ‘குட் டே’ போட்டுவிடலாமா?”

எதிரில் ஒரே ஒருவர் இருந்தால் அவர் ஊர்க் கடிகாரப்படி வாழ்த்துங்கள். பல ஊர்க்காரர்கள் சேர்ந்திருந்தால் நேரமே இல்லாத வாழ்த்தைச் சொல்லுங்கள். எழுதி அனுப்புவதாக இருந்தால், அவர் எப்போது படிப்பார் என்று உங்களுக்குத் தெரியாது. அங்கேயும் நேரம் வேண்டாம். ‘குட் டே’ வேண்டவே வேண்டாம். அமெரிக்கக் காதுக்கு அது ஒன்று பழைய கடிதம் போல இருக்கும், இல்லையென்றால் பேச்சை முறித்துக்கொண்டு கிளம்புகிறவர் சொல்வது போல இருக்கும். ஆஸ்திரேலியாவில் அதன் சுருக்கமான வடிவம் சாதாரணமாகப் புழங்குகிறது. ஆனால் அது அவர்கள் வாயில் அவர்கள் ராகத்தில் வந்தால்தான் பொருந்தும்.

நமக்கு ஏன் இதில் தடுமாற்றம் வருகிறது என்றால், நம் வணக்கத்தில் நேரம் கிடையாது. விடியற்காலையிலும் வணக்கம்தான், ராத்திரி பத்து மணிக்கும் வணக்கம்தான். கிளம்பும்போது ‘போயிட்டு வரேன்’, அனுப்பி வைக்கும்போது ‘போயிட்டு வாங்க’. எதிலும் பொழுது இல்லை. ‘காலை வணக்கம்’, ‘மாலை வணக்கம்’ எல்லாம் மேடையிலும் வானொலியிலும் வாட்ஸாப்பிலும் ஆங்கிலத்தை ஒட்டிப் பரவியவை. வீட்டில் யாரும் யாரையும் அப்படி வாழ்த்துவதில்லை. அதனால் ‘குட் மார்னிங்’ என்பதை நாம் ‘இப்போது காலை’ என்ற தகவலாகக் கேட்டுவிடுகிறோம். இருட்டில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொன்னால் பொய் சொல்வது போல இருக்கிறது. உண்மையில் அது தகவல் அல்ல, வாழ்த்து. ‘உங்களுக்கு நல்ல காலையாக அமையட்டும்’ என்பதன் சுருக்கம். வாழ்த்து யாரைச் சேர்கிறதோ அவருடைய காலைதான் அதில் கணக்கு. இதைப் பிடித்துக்கொண்டால் பாதித் தயக்கம் போய்விடும். பிறந்தநாள் வாழ்த்து சொல்லும்போது நமக்கும் பிறந்தநாளாக இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை அல்லவா?

ஆக, சான் பிரான்சிஸ்கோக்காரர் ஒருவரோடு மட்டும் பேசும்போது அவர் ‘குட் மார்னிங்’ என்றால் நீங்களும் தயங்காமல் ‘குட் மார்னிங்’ என்றே திருப்பிச் சொல்லலாம். சில பேர் உங்கள் நேரத்தை நினைத்து ‘குட் ஈவினிங்’ என்பார்கள். அப்போது நீங்கள் அவருக்கு ‘குட் மார்னிங்’ என்பீர்கள். இரண்டும் எதிரெதிராக இருக்கிறதே என்று குழம்ப வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் மற்றவர் ஊரைப் பார்த்து வாழ்த்துகிறீர்கள், அது அழகாகவே இருக்கிறது. செய்யக் கூடாதது ஒன்று உண்டு. அவர் ‘குட் மார்னிங்’ என்றதும் ‘இங்கே ராத்திரி’ என்று பதில் சொல்வது. நீங்கள் வெறும் தகவலாகச் சொன்னாலும் அவர் காதில் புகாராக விழும். உடனே மன்னிப்பு கேட்பார், நீங்கள் பரவாயில்லை என்பீர்கள், பேச்சு வேறு எங்கோ போய்விடும். உண்மையிலேயே அந்த நேரம் உங்களுக்குக் கஷ்டம் என்றால் அதைத் தனியாக, ஒரு மெயிலில், வேறு நேரம் ஒன்றைச் சொல்லிக் கேளுங்கள். வணக்கத்துக்குள் அதைச் செருகினால் இரண்டும் கெடும்.

எந்த மணி வரை எந்த வாழ்த்து என்பதில் ஒரு கோடுதான் உறுதியானது. பகல் பன்னிரண்டுக்கு முன் ‘குட் மார்னிங்’, அதற்குப் பின் ‘குட் ஆஃப்டர்நூன்’. அடுத்த கோடு தெளிவில்லாதது. ஐந்து மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவில் எங்கேயோ ‘குட் ஈவினிங்’ ஆரம்பிக்கிறது, அது ஆளுக்கு ஆள் மாறும். நாம் டீ குடிக்கும் நான்கு மணியையே மாலை என்கிறோம். லண்டன் அலுவலகத்தில் நான்கு மணி இன்னும் ஆஃப்டர்நூன்தான். டிசம்பரில் அங்கே நான்கு மணிக்குள் சூரியன் மறைந்து ஜன்னல் கறுத்துவிடும், அப்போதும் வேலை நேரத்துக்குள் ‘குட் ஆஃப்டர்நூன்’ என்றே சொல்வார்கள். அந்தக் கணக்கு வானத்தைப் பார்த்துப் போட்டதல்ல, அலுவலக நாளைப் பார்த்துப் போட்டது. ‘குட் நூன்’ என்று நம்மூரில் எழுதுகிறார்களே, அது நம் ஊருக்கு வெளியே செல்லாது. ‘குட் நைட்’ பிரியும்போது மட்டும். இரவு பத்து மணிக்கு மீட்டிங்கில் நுழைந்தாலும் ‘குட் ஈவினிங்’தான், நுழையும்போதே ‘குட் நைட்’ என்றால் வந்ததும் கிளம்புகிறீர்கள் என்று பொருள். டிரினிடாட் போன்ற கரீபியன் ஊர்களில் மட்டும் இரவில் சந்திக்கும்போதே ‘குட் நைட்’ சொல்லும் வழக்கம் உண்டு. அந்த ஊர்க்காரர் ஒருவர் அப்படி ஆரம்பித்தால் பதறாமல் ‘குட் நைட்’ என்றே பதில் சொல்லலாம்.

இனி மூன்று ஊரும் சேர்ந்திருக்கும் உங்கள் எட்டரை மணி மீட்டிங். கோடை காலத்தில் அது சான் பிரான்சிஸ்கோவில் காலை எட்டு, லண்டனில் மாலை நான்கு. ஒரே வாழ்த்தை மூன்று ஊருக்கும் பொருத்த முடியாது. ‘ஹலோ எவ்ரிஒன்’ அல்லது ‘ஹாய் ஆல்’ போதும். அதன் பிறகு ஒரு பெயரைச் சொல்லி நேராகப் பேசும்போது அவருக்கான வாழ்த்தைச் சேர்க்கலாம். லண்டனில் இருப்பவரிடம் பேச்சைக் கொடுக்கும்போது ‘குட் ஆஃப்டர்நூன்’ என்று அவர் பெயரோடு சொன்னால், இவருக்கு நம் ஊர் மணி தெரிந்திருக்கிறது என்று அவருக்குப் படும். அது ஒரு சின்ன மரியாதை, நேரம் எதுவும் பிடிக்காது.

‘குட் மார்னிங், குட் ஆஃப்டர்நூன், குட் ஈவினிங், நீங்கள் எங்கே இருந்தாலும்’ என்று மூன்றையும் அடுக்குகிற ஒரு வழக்கம் இருக்கிறது. நூறு பேர் கேட்கும் ஒரு பெரிய கூட்டத்தின் தொடக்கத்தில் ஒரு முறை சொன்னால் அதற்கு ஒரு இடம் உண்டு. ஆறு பேர் தினமும் கூடுகிற இடத்தில் தினமும் சொன்னால் நான்காம் நாளே வெற்றுச் சடங்காகிவிடும். என் கருத்தில் சின்ன டீமில் அதைத் தொடவே வேண்டாம்.

இன்னொரு வழி, இணைய அரட்டை அறைகளில் இருந்து வந்தது. அங்கே உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் ஆட்கள் எந்த நேரத்திலும் வந்துபோவார்கள். அதனால் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள்: யார் உள்ளே வந்தாலும் அவர் வரும் நேரம் காலை, யார் கிளம்பினாலும் அவர் கிளம்பும் நேரம் இரவு. சுவரில் உள்ள கடிகாரம் எதைக் காட்டினாலும் வந்தவுடன் ‘மார்னிங்’, போகும்போது ‘நைட்’. இதை UGT என்று எழுதுவார்கள். எல்லாருக்கும் பொதுவான வணக்க நேரம் என்று பொருள். நிரலர்கள் மட்டுமே உள்ள டீம்களில் இது நன்றாக ஓடும். ஆனால் டீம் முழுக்க ஒப்புக்கொண்டால்தான். புதிதாகச் சேர்ந்த ஒருவரிடம், அல்லது வாடிக்கையாளர் இருக்கும் அழைப்பில், மாலை நான்கு மணிக்கு ‘மார்னிங்’ என்றால் நீங்கள் நேரம் தெரியாமல் பேசுவதாகத்தான் நினைப்பார்கள்.

ஜப்பானில் இதற்கு நெருங்கிய ஒரு பழக்கம் இணையத்துக்கு வெளியேயே இருக்கிறது. ‘ஒஹாயோ கொஸாய்மஸ்’ என்பது காலை வாழ்த்து. ஆனால் உணவகங்களிலும் தொலைக்காட்சி, மேடைத் தொழிலிலும் மாலை ஷிஃப்ட்டுக்கு வருகிறவர்கூட அதைத்தான் சொல்லி நுழைவார். அன்றைய வேலையில் முதல் சந்திப்பு என்பதே அங்கே கணக்கு. அலுவலகங்களில் உடன் வேலை செய்பவர்களுக்குள் ‘ஒட்ஸுகரேசமா தெஸ்’ என்று ஒன்று உண்டு. பாடுபட்டதற்கு நன்றி என்ற தொனியில் எந்த நேரத்திலும் சொல்லலாம், மெயிலின் முதல் வரியாகவும் போடலாம். வடக்கு ஜெர்மனியில் ‘மொயின்’ என்று ஒரு சொல்; காலை என்பது போலக் காதில் விழும், ஆனால் நாள் முழுக்கச் செல்லும். ஸ்பானிஷ்காரர்கள் நேரத்தை வெட்டிவிட்டு ‘புவெனாஸ்’ என்று மட்டும் சொல்லிவிடுவதும் உண்டு. உங்கள் டீமில் அப்படி ஓர் ஊர்க்காரர் இருந்தால் அவரிடமே கேட்டு ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளலாம். அதே போல உங்கள் ‘வணக்கம்’ அவர்களுக்குக் கொடுக்கத் தகுந்தது. நேரம் ஒட்டாத வார்த்தை தேடுகிற ஒரு டீமுக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன இருக்கிறது? ஒரு முறை சொல்லிக் கொடுத்துப் பாருங்கள், பிடித்துக்கொள்வார்கள்.

வாழ்த்து சரியாக வர, எதிர் ஊரில் இப்போது மணி என்ன என்பது விரல் நுனியில் இருக்க வேண்டும். சான் பிரான்சிஸ்கோவுக்குச் சுலபமான கணக்கு உண்டு. கோடையில் நமக்கும் அவர்களுக்கும் பன்னிரண்டரை மணி வித்தியாசம். அதாவது காலை மாலையை மாற்றிப் போட்டு அரை மணி குறைத்தால் போதும். நமக்கு இரவு எட்டரை என்றால் அங்கே அதே நாள் காலை எட்டு. நமக்குக் காலை எட்டரை என்றால் அங்கே முந்தின நாள் இரவு எட்டு. குளிர்காலத்தில் அரை மணிக்குப் பதில் ஒன்றரை மணி குறைக்க வேண்டும். லண்டனுக்கு முள் கடிகாரம் ஒன்று போதும். நம் நேரத்தைக் காட்டும் கைக்கடிகாரத்தைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்துப் படியுங்கள். நமக்கு மணி இரண்டு என்றால் மணி முள் எட்டிலும் நிமிட முள் ஆறிலும் தெரியும்: எட்டரை. குளிர்காலத்தில் லண்டன் நேரம் அதுதான். மணி முள் சரியான இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி நிற்கும், படிக்க அது தடையில்லை. கோடையில் அதோடு ஒரு மணி கூட்டிக்கொள்ள வேண்டும். கணினியில் உட்கார்ந்திருப்பவர் என்றால் லினக்ஸிலும் மேக்கிலும் இது சந்தேகமில்லாத பதிலைத் தரும், கோடை குளிர் கணக்கு உட்பட:

```
TZ=America/Los_Angeles date
TZ=Europe/London date
```

கோடை, குளிர் என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை கணக்கு உடைவது இங்கேதான். நாம் கடிகாரத்தைத் தொடுவதில்லை. அவர்கள் இருவரும் மாற்றுகிறார்கள், அதுவும் ஒரே நாளில் அல்ல. அமெரிக்காவில் மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு ஒரு மணி முன்னால் தள்ளி, நவம்பரின் முதல் ஞாயிறு பின்னால் இழுக்கிறார்கள். பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். உங்கள் மீட்டிங் காலண்டரில் சான் பிரான்சிஸ்கோ காலை எட்டு என்று பதிந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 2026-இல் மார்ச் 7 வரை அது உங்களுக்கு இரவு ஒன்பதரை, லண்டனுக்கு மாலை நான்கு. மார்ச் 8 முதல் உங்களுக்கு எட்டரை, லண்டனுக்கு மூன்று. மார்ச் 29-இல் லண்டனும் மாற்றியதும் உங்களுக்கு எட்டரை அப்படியே இருக்கிறது, லண்டன் மறுபடி நான்குக்கு வந்துவிடுகிறது. நடுவில் அந்த மூன்று வாரம் லண்டன்காரர்கள் ஒரு மணி தாமதமாக வந்து நின்றால் அது அலட்சியம் அல்ல, காலண்டரைப் பார்க்காமல் பழக்கத்தில் வந்திருக்கிறார்கள். இலையுதிர் காலத்தில் இதே இடைவெளி ஒரு வாரம்தான்: 2026-இல் அக்டோபர் 25 முதல் அக்டோபர் 31 வரை.

உங்கள் இரு ஊர்களிலும் இதனால் வாழ்த்து மாறாது. மூன்று மணியும் நான்கு மணியும் ஆஃப்டர்நூன்தான். நியூயார்க் ஒருவர் சேர்ந்தால் மாறும். நம் இரவு ஒன்பதரை அவருக்கு ஜூலையில் நண்பகல் பன்னிரண்டு, டிசம்பரில் காலை பதினொன்று. எட்டு மாதம் ‘குட் ஆஃப்டர்நூன்’ சொல்லிப் பழகிய நாக்கு நவம்பரில் ‘குட் மார்னிங்’குக்குத் திரும்ப வேண்டும். தவறிவிட்டால் உலகம் இடிந்துவிடாது. ஒரு புன்னகையோடு திருத்திக்கொண்டு வேலையைப் பாருங்கள், நீளமாக மன்னிப்புக் கேட்காதீர்கள்.

எழுத்துக்கு வருவோம். நேர இழப்பு அதிகமாக நடப்பது இங்கேதான், அதற்குக் காரணமும் ஒரு வணக்கம்தான். நமக்கு யாரையும் பார்த்தவுடன் காரியத்தைக் கேட்பது மரியாதைக் குறைவாகப் படும். அதனால் ‘ஹாய்’ என்று மட்டும் போட்டுவிட்டு, அவர் பதில் சொன்ன பிறகு கேட்கலாம் என்று காத்திருப்போம். ஒரே கட்டடத்தில் இருந்தால் அரை நிமிடம் போகும். உங்கள் தூரத்தில் என்ன ஆகிறது பாருங்கள். ஜூன் மாதம், செவ்வாய் காலை பத்து மணிக்கு ‘ஹாய்’ போடுகிறீர்கள். சான் பிரான்சிஸ்கோவில் அப்போது திங்கள் இரவு ஒன்பதரை. அவர் செவ்வாய் காலை ஒன்பதுக்குப் பார்த்து ‘ஹாய், சொல்லுங்கள்’ என்கிறார். நமக்கு அது செவ்வாய் இரவு ஒன்பதரை, நீங்கள் லேப்டாப்பை மூடியிருப்பீர்கள். புதன் காலை நீங்கள் கேள்வியைக் கேட்கிறீர்கள். அவர் புதன் காலை, அதாவது நம் புதன் இரவு, பதில் எழுதுகிறார். உங்கள் கைக்கு அது வியாழன் காலை வந்து சேரும். முதல் செய்தியிலேயே கேள்வி இருந்திருந்தால் பதில் புதன் காலையே கிடைத்திருக்கும். ஒரு முழு வேலை நாள் போனது ஒற்றை ‘ஹாய்’க்கு.

அதனால் வணக்கமும் காரியமும் ஒரே செய்தியில் வரட்டும். இப்படி ஒரு வரிசை: பெயரோடு ஒரு ‘ஹாய்’. உடனே என்ன வேண்டும் என்பது ஒரு வரி. அதற்குத் தேவையான விவரம். கடைசியில் எப்போதைக்குள் வேண்டும், அவசரமா இல்லையா. எடுத்துக்காட்டாக: ‘ஹாய், பெயர். பணம் செலுத்தும் பக்கத்தில் நேற்று செய்த மாற்றத்தை வெளியிடலாமா என்று உங்கள் ஒப்புதல் வேண்டும். சோதனை முடிவு கீழே இருக்கிறது. வெள்ளி காலை 11 மணி, சான் பிரான்சிஸ்கோ நேரத்துக்குள் சொன்னால் போதும். இப்போதே பார்க்க வேண்டியதில்லை.’ கடைசி வாக்கியம் தூங்கப் போகிறவருக்கு நீங்கள் தருகிற மரியாதை. அதுவே ‘குட் நைட்’ சொன்னதற்குச் சமம். இதில் ‘எப்படி இருக்கிறீர்கள்’ இல்லையே என்று உறுத்தினால் சேர்த்துக்கொள்ளுங்கள், தவறில்லை. அது தனிச் செய்தியாகப் போய்ப் பதிலுக்குக் காத்திருக்காமல் இருந்தால் சரி.

மெயிலில் ‘குட் மார்னிங்’ போடாமல் இருக்க வேண்டிய காரணமும் அதுதான். நீங்கள் எழுதும்போது காலை, அவருக்குப் போய்ச் சேரும்போது ராத்திரி, படிக்கும்போது அடுத்த நாள். ‘ஹலோ’வோடு பெயர், அல்லது ‘ஹாய்’யோடு பெயர் எந்த மணிக்கும் நிற்கும். ‘ரெஸ்பெக்டட் சார்’ அமெரிக்க, பிரிட்டிஷ் அலுவலகங்களில் விசித்திரமாகத் தெரியும். ‘கிரீட்டிங்ஸ்’ என்று ஆரம்பித்தால் விளம்பர மெயில் என்று நினைத்துத் தாண்டிவிடுவார்கள். அவர் காலையில்தான் படிக்க வேண்டும் என்றால் ஜிமெயிலில் Schedule send என்று இருக்கிறது, ஸ்லாக்கிலும் செய்தியை நேரம் வைத்து அனுப்பலாம். அவருடைய காலை எட்டரைக்கு வைத்தால் அங்கே தாராளமாக ‘குட் மார்னிங்’ எழுதலாம். அந்தப் பெட்டியில் நீங்கள் தேர்ந்தெடுக்கும் மணி உங்கள் கணினியின் நேரம் என்பதை மட்டும் மறக்காதீர்கள். அவர் காலை எட்டரை என்று நினைத்து 8:30 காலை என்று வைத்தால், கோடையில் அவருக்கு இரவு எட்டு மணிக்குப் போய் ‘குட் மார்னிங்’ என்று நிற்கும்.

வாழ்த்து தவறினால் ஒரு சிரிப்போடு போகும். ‘நாளை’ தவறினால் வேலை போகும். இதைத்தான் நான் அதிகம் அழுத்திச் சொல்வேன். கோடையில் சான் பிரான்சிஸ்கோவில் ஒருவர் வியாழன் மாலை ஆறு மணிக்கு ‘நாளை காலைக்குள் அனுப்பிவிடுங்கள்’ என்று எழுதுகிறார். கோயம்புத்தூரில் அது வெள்ளி காலை ஆறரை. நீங்கள் ஒன்பது மணிக்கு எழுந்து படிக்கும்போது ‘நாளை’ என்றால் சனி என்று தோன்றும். அவர் சொன்னது வெள்ளி காலை ஒன்பது, அதாவது உங்கள் வெள்ளி இரவு ஒன்பதரை. நீங்கள் சனி காலை பத்துக்குப் பொறுப்பாக அனுப்புகிறீர்கள். அவருக்கு அது வெள்ளி இரவு ஒன்பதரை, நாளே முடிந்துவிட்டது. இருவரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றியதாகத்தான் நினைக்கிறீர்கள். எனவே ‘இன்று’, ‘நாளை’, ‘இன்றிரவு’, நாள் முடிவுக்குள் என்பதன் சுருக்கமான ‘ஈஓடி’ நான்கையும் எழுத்திலிருந்து எடுத்துவிட்டு கிழமை, மணி, ஊர்ப் பெயர் மூன்றையும் போடுங்கள். ஊர்ப் பெயர் ஏன் என்றால், சுருக்கெழுத்துகள் ஏமாற்றும். IST இந்தியாவுக்கும் உண்டு, அயர்லாந்துக்கும் இஸ்ரேலுக்கும் உண்டு. கோடையில் சான் பிரான்சிஸ்கோ நேரத்துக்கு PDT என்று இருக்க வேண்டிய இடத்தில், பழக்கத்தில் குளிர்கால நேரமான PST என்று எழுதுகிறவர்கள் ஏராளம். அதை அப்படியே நம்பினால் ஒரு மணி தவறும். பிறர் ‘நாளை’ என்று எழுதினால், திருத்துவது போல இல்லாமல், ‘வெள்ளி காலை உங்கள் நேரம், சரிதானே?’ என்று ஒரு வரி திருப்பிக் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

வார இறுதி வாழ்த்துக்கும் இதே கண் வேண்டும். நம் திங்கள் காலை ஒன்பது மணிக்கு ‘வீக்எண்ட் எப்படிப் போனது?’ என்று அவரிடம் கேட்டால், அவருக்கு இன்னும் ஞாயிறு இரவு. வீக்எண்ட் முடியவே இல்லை, அதற்குள் வேலை வந்துவிட்டது என்ற நினைப்புத்தான் வரும். திங்கள் இரவு மீட்டிங்கில் கேளுங்கள். வெள்ளி இரவு எட்டரை மீட்டிங்கின் முடிவில் உங்களுக்கு வாரம் முடிகிறது, அவருக்கு ஒரு முழு வெள்ளிக்கிழமை மிச்சம் இருக்கிறது. ‘உங்கள் வெள்ளிக்கிழமை நல்லபடியாகப் போகட்டும், வீக்எண்டும்தான்’ என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னால் பொருந்தும். சவூதியில் யாராவது இருந்தால் அவர்களுக்கு விடுமுறை வெள்ளியும் சனியும். வியாழனே வாழ்த்த வேண்டும். துபாய் என்றால் 2022 முதல் அரசு அலுவலகங்களில் வெள்ளி அரை நாள், சனி ஞாயிறு விடுமுறை என்று மாறியிருக்கிறது, பழைய நினைப்பில் வாழ்த்தாதீர்கள்.

பிரியும்போது சொல்ல வேண்டியதில் சிக்கல் குறைவு. ஆங்கிலத்தில் ‘இந்த நாளின் மிச்சம் நல்லபடியாகப் போகட்டும்’ என்ற பொருளில் ‘என்ஜாய் த ரெஸ்ட் ஆஃப் யுவர் டே’ என்பார்கள். அவருக்குக் காலையோ மாலையோ, பொருந்தும். அவர்கள் உங்களிடம் ‘குட் நைட்’ என்று சொல்லிப் பிரிந்தால் அது உங்கள் இரவை நினைத்துச் சொன்னது; நன்றி சொல்லிவிட்டு அவர்களுக்கு நல்ல நாள் வாழ்த்துங்கள். பதிலுக்கு நீங்களும் ‘குட் நைட்’ என்றால் அங்கே அப்போதுதான் காபி போட்டுக்கொண்டிருப்பார்கள். பலர் இருக்கும் இடத்தில் ‘தேங்க்ஸ் ஆல், பை’ போதும். அடுத்த சந்திப்பைச் சொல்வதாக இருந்தால் ‘நாளை பார்ப்போம்’ வேண்டாம், ‘வியாழன் பார்ப்போம்’ என்று கிழமையைச் சொல்லுங்கள். இரவு எட்டரை மீட்டிங்கில் மூன்று ஊருக்கும் கிழமை ஒன்றுதான், அதனால் அங்கே குழப்பம் வராது. நம் காலை மீட்டிங்கில் சான் பிரான்சிஸ்கோக்காரர்களுக்கு முந்தின நாள் நடக்கும், அங்கே கிழமையோடு தேதியையும் சேர்த்துவிடுங்கள்.